'ஆரஞ்சு அலர்ட்' மட்டும் போதாது: முண்டக்கை மலையில் 2020-ல் தப்பியவர்கள், 2024-ல் ஏன் தப்பவில்லை?

கேரளாவின் வயநாடு மாவட்டம், மேப்பாடி பஞ்சாயத்து, முண்டக்கை. இந்த ஊருக்கு மேலே இருக்கும் மலை சமீப ஆண்டுகளில் இரண்டு முறை சரிந்திருக்கிறது. முதல் முறை 2020 ஆகஸ்ட்டில். அப்போது ஓர் உயிர்கூடப் போகவில்லை. இரண்டாவது முறை 2024 ஜூலை 30 அதிகாலையில். அப்போது 250-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முண்டக்கை, புஞ்சிரிமட்டம், சூரல்மலை என்ற மூன்று ஊர்களும் இருந்த இடம் தெரியாமல் போயின.

இரண்டு முறையும் மழை அளவைப் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அப்படியென்றால் நடுவில் என்ன மாறியது? "இயற்கையின் சீற்றம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பதில் தெரியாமல் போனால், அடுத்து வால்பாறையிலோ கூடலூரிலோ கொடைக்கானலிலோ இதையேதான் எழுதிக்கொண்டிருப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலச்சரிவை முன்கூட்டியே சொல்ல பெரிய டெக்னாலஜி இல்லை என்பது நம்முடைய பிரச்னை அல்ல. மலையில் நேற்றும் இன்றும் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்ற எளிய கணக்கை யார் போடுவது, அந்த எண் வந்ததும் "கிளம்புங்க" என்று யார் சொல்வது என்பதை நாம் முடிவு செய்யவே இல்லை. அதுதான் பிரச்னை.

மலை ஏன் நிற்கிறது, எப்போது வழுக்குகிறது?

மெரினாவில் மணல் வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். காய்ந்த மணலில் வீடு நிற்காது. லேசாக ஈரமான மணலில் அழகாக நிற்கும். அதே வீட்டின் மேல் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினால் கூழாகி ஓடிவிடும். மணல் அதேதான், மாறியது தண்ணீரின் அளவு மட்டும்தான்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் பல சரிவுகளில் அடியில் கெட்டியான பாறையும், அதன் மேல் சில மீட்டர் கனத்துக்கு மண்ணும் இருக்கின்றன. சாதாரண மழையில் மண் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், மீதி வடிந்துவிடும். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால் கதை வேறு. கீழே இறங்கும் தண்ணீர் பாறையைத் தாண்டிப் போக முடியாமல், பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்கும். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்று வெளியேறி, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். துகள்களுக்கு இடையிலான உராய்வுதான் மண்ணைச் சரிவில் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. அது குறைந்தால் பிடி விட்டுப்போகும்.

எடையும் சேர்ந்துகொள்ளும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர், அதாவது 1 கிலோ. வயநாட்டில் அந்த 48 மணி நேரத்தில் பெய்தது 572 மி.மீ. அதை 10 மீட்டருக்கு 10 மீட்டர் உள்ள ஒரு துண்டு நிலத்துக்குக் கணக்குப் போட்டால் 57,200 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் கிட்டத்தட்ட ஐந்து லாரி. இதில் ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடும் என்பது உண்மை. மீதி மண்ணுக்குள்தான் இறங்கும்.

காடு போனதால் என்ன ஆச்சு?

1950-க்கும் 2018-க்கும் இடையில் வயநாடு தன் காட்டுப் பரப்பில் 62 சதவீதத்தை இழந்ததாகவும், அதே காலத்தில் தோட்டப் பயிர்கள் சுமார் 1,800 சதவீதம் கூடியதாகவும் 2022-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தேயிலை, காபி, ஏலம் என்று மலை இப்போதும் பச்சையாகத்தான் தெரியும். கூகுள் மேப்பில் பார்த்தால் "செம லொக்கேஷன்" என்றுகூடத் தோன்றும். ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் காடு ஆகாது.

காட்டு மரங்களின் வேர்கள் மூன்று வேலை செய்கின்றன. கம்பி போட்ட கான்க்ரீட் மாதிரி மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன. மண் ஆழம் குறைவான இடங்களில் பாறை இடுக்குக்குள் இறங்கி ஆணி அடித்ததுபோல் நிற்கின்றன. மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கி, அடுத்த மழைக்கு மண்ணில் இடம் ஒதுக்கி வைக்கின்றன. ஒரே உயரத்தில் கத்தரித்து வைத்த ஒற்றைப் பயிரால், பல வயது, பல ஆழம் கொண்ட காட்டு வேர்களின் வேலையை அதே அளவுக்குச் செய்ய முடியாது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மரத்தை வெட்டிய அன்றே மலை சரிவதில்லை. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் சில வருடங்கள் பிடியோடு இருந்து, பிறகு மெல்ல மக்கும். பழைய வேர் மக்கி, புதிய வேர் இன்னும் பலம் பெறாத அந்த இடைக்காலம்தான் ஆபத்து. வேர் மக்கிய இடத்தில் சுரங்கம் போன்ற துளைகள் மிஞ்சலாம். அவற்றின் வழியாக மழைநீர் நேரே ஆழத்துக்கு இறங்கும், போகும்போது மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். அதனால்தான் "பத்து வருஷம் முன்னாடி வெட்டினோம், ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் செல்லாது. அதோடு ரோடு போட, ரிசார்ட் கட்ட என்று சரிவின் அடிப்பகுதியை வெட்டினால், மேலே இருக்கும் மண் சாய்ந்து நிற்க இருந்த முட்டும் போய்விடும்.

இங்கே ஒரு நேர்மையான திருத்தமும் தேவை. 2024 சரிவு தொடங்கிய இடம் தேயிலைத் தோட்டம் அல்ல. இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் எடுத்த படங்களின்படி, அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், தோட்டங்களுக்கு மேலே உள்ள காட்டுப் பகுதியில் தொடங்கியது. அதே இடத்தில் ஒரு பழைய சரிவின் தழும்பும் இருந்தது. அதாவது, காடு இருந்தால் நிலச்சரிவே வராது என்று சொல்ல முடியாது. ஆழம் குறைந்த சரிவுகளை மர வேர் பெருமளவு தடுக்கும். வேர் எட்டாத ஆழத்தில் பிடி விட்டால் மரமும் சேர்ந்தே கீழே வரும்.

ஆனால் மேலே தொடங்கியதைப் பேரழிவாக மாற்றியது கீழே நடந்த மாற்றங்கள். காட்டை அகற்றிய பள்ளத்தாக்கில், ஓடைக்கு ஒட்டியே லைன் வீடுகளும் கடைகளும் பள்ளியும் எழுந்தன. சரிந்து வந்த மண், பாறை, மரம் எல்லாம் ஓடை வழியாகவே சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. சூரல்மலையில் இருந்தவர்கள் மலைச்சரிவில் வீடு கட்டியவர்கள் அல்ல, ஆற்றோரம் வாழ்ந்தவர்கள். "நம்ம வீடு சமதளத்துலதானே இருக்கு" என்று நினைப்பவர்கள் இந்த 8 கிலோமீட்டரை மறக்கக் கூடாது.

2020-ல் என்ன நடந்தது?

கல்பெட்டாவில் ஹியூம் சூழலியல் மையம் என்ற சிறிய ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. வயநாடு முழுக்க 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்து, விவசாயிகள், தோட்டங்கள், உள்ளூர் ஆட்கள் மூலமாகத் தினமும் அளவு வாங்குகிறார்கள். எந்த மலையில் தொடர்ந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கூட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய அனுபவக் கணக்குப்படி, சில நாட்களுக்குள் கூட்டுத்தொகை 600 மி.மீ.யை நெருங்கினால் அந்தப் பகுதியில் நிலச்சரிவுக்கு வாய்ப்பு மிக அதிகம்.

2020 ஆகஸ்ட்டில் இந்தக் கணக்கை வைத்துத்தான் முண்டக்கைப் பகுதிக்கு எச்சரிக்கை போனது. மக்கள் முன்கூட்டியே நகர்த்தப்பட்டார்கள். மலை சரிந்தது, ஆனால் வீட்டுக்குள் ஆள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 ஆகஸ்ட் 8 அன்று, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புத்துமலையில் 17 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பயம் எல்லோர் மனதிலும் புதிதாக இருந்ததும் ஒரு காரணம்.

2024-ல் என்ன மாறியது?

ஜூலை 29 காலையிலேயே அதே மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது. அருகிலுள்ள மழைமானி அதற்குள் 200 மி.மீ.யைத் தாண்டியிருந்தது, மழையும் நிற்கவில்லை. சரிவு நடந்தது அன்று நள்ளிரவுக்குப் பிறகு. நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது.

புஞ்சிரிமட்டத்தில் சில குடும்பங்கள் அன்றே இடம் மாறின. ஆனால் ஓடையோரம் முழுவதையும் காலி செய்யும் அளவுக்குப் பெரிய உத்தரவு எதுவும் வரவில்லை. பிறகு நடந்த அரசியல் சண்டை நமக்கு நினைவிருக்கும். முன்பே எச்சரித்தோம் என்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் சொன்னார். கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன், சரிவுக்கு முன் இருந்தது ஆரஞ்சு அலர்ட்தான், ரெட் அலர்ட் காலையில்தான் வந்தது என்றார். ஆரஞ்சு அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 115 முதல் 204 மி.மீ. வரை. உண்மையில் பெய்தது முதல் 24 மணி நேரத்தில் 200, அடுத்த 24 மணி நேரத்தில் 372.

இந்தச் சண்டையில் யார் சொன்னது சரி என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தின் நிற அலர்ட், ஒரு மாவட்டத்துக்கான முன்கணிப்பு. மாவட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் இவ்வளவு பெய்யலாம் என்று அது சொல்கிறது. முண்டக்கைக்கு மேலே இருக்கும் மண் ஏற்கெனவே எவ்வளவு குடித்திருக்கிறது என்பதை அது சொல்லாது, சொல்வது அதன் வேலையும் அல்ல. அந்தத் தகவல் மழைமானியில் மட்டும்தான் இருக்கிறது. நாமோ போனில் வரும் நிறத்துக்காகக் காத்திருக்கிறோம்.

அறிகுறிகளை நம்பி இருக்கலாமா?

நிலச்சரிவின் அறிகுறிகள் பற்றி வாட்ஸ்அப்பில் நிறைய வரும். அவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் எந்த அறிகுறி எவ்வளவு நேரம் தருகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

நாட்கள் அல்லது வாரங்கள் முன்பே தெரிபவை சில. சரிவின் மேல்பகுதியில் பிறை வடிவில் தரை வெடிப்பது, வீட்டுச் சுவரில் புது விரிசல் விழுந்து அது அகலமாகிக்கொண்டே போவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் இடிப்பது, மின்கம்பமும் வேலியும் ஒரே பக்கம் சாய்வது. மண் ஏற்கெனவே மெல்ல நகர்கிறது என்று இதற்கு அர்த்தம். போட்டோ எடுத்து, தேதி போட்டு, விரிசலின் இரு முனையிலும் பெயின்ட்டால் குறி வையுங்கள். விரிசல் குறியைத் தாண்டினால் மழைக்காலத்தில் அந்த வீட்டில் தூங்கக் கூடாது.

மணிக்கணக்கில் முன்னால் தெரிபவை வேறு. இதுவரை ஈரம் இல்லாத இடத்தில் திடீரென ஊற்று கிளம்பும். தெளிவாக ஓடிய ஓடை செம்மண் நிறத்துக்கு மாறும். இதில் மிக ஆபத்தானது, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் குறைவது. "அப்பாடா, தண்ணி வடியுது" என்று தோன்றும். ஆனால் மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்து அணை மாதிரி நிற்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அந்த அணை உடைந்தால் மொத்தமும் ஒரேயடியாக வரும்.

நிமிடக்கணக்கில் முன்னால் வருபவை கடைசி ரகம். மரம் முறியும் சத்தம், பாறைகள் மோதும் சத்தம், லாரி வருவதுபோன்ற உறுமல். அதன் பிறகு ஓடை ஓடும் திசையிலேயே ஓடக் கூடாது. பள்ளத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் மேடு ஏற வேண்டும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். முண்டக்கையில் சரிவு வந்தது இரவு ஒரு மணிக்கு மேல். 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறு அருகே பெட்டிமுடியில் 70 பேர் இறந்ததும் இரவில்தான். அந்த லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். அங்கே தகவல் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. இருட்டில், கரன்ட் இல்லாமல், தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் ஓடையின் நிறத்தை யார் பார்ப்பது? உறுமல் யாருக்குக் கேட்கும்?

அதனால்தான் அறிகுறி கடைசிப் பாதுகாப்பாக மட்டுமே இருக்க முடியும் என்கிறேன். முதல் பாதுகாப்பு, வெளிச்சம் இருக்கும்போதே எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்குத் தேவையான எண்ணை மழைமானி தரும்.

ஒரு எண், ஒரு ஆள், ஒரு இடம்

இலங்கையில் இந்த எண்ணை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொதுவான அளவுகோல்படி, ஆபத்தான சரிவில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் கிளம்பத் தயாராக வேண்டும், 150-ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தாலும் வெளியேற வேண்டும். இந்த எண்ணை அப்படியே நீலகிரிக்கு எடுத்துவர முடியாது. ஒவ்வொரு மலையின் மண், பாறை, சாய்வு எல்லாம் வேறு. வழக்கமாக எவ்வளவு மழை பார்த்துப் பழகிய சரிவு என்பதும் முக்கியம். ஆனால் ஒவ்வொரு மலைக்கும் ஓர் எண் இருக்க வேண்டும், அது அங்கே வாழும் மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற யோசனையை எடுத்துவரலாம்.

மழைமானி விலை உயர்ந்த பொருளும் அல்ல. அடியும் வாயும் ஒரே அகலத்தில் இருக்கும், நேரான சுவர் கொண்ட ஒரு பாத்திரம் போதும். மரம், கூரை இல்லாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு ஸ்கேல் வைத்துத் தண்ணீரின் உயரத்தை அளந்தால் அதுதான் மி.மீ. மழை. அளந்ததும் கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். கனமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். ஓர் எஸ்டேட்டில் மூன்று உயரங்களில் மூன்று பாத்திரம், அளவு போட ஒரு வாட்ஸ்அப் குரூப். இவ்வளவுதான் செலவு.

எண் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த எண் வந்ததும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் "இன்று மாலை 5 மணிக்குள் காலி" என்று சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்து மட்டத்தில் ஒருவருக்கு இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வரை போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

போக ஓர் இடமும் வேண்டும். இலங்கை கொஸ்லந்தை அருகே மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மலையகத் தமிழர்களின் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டிப்போடப்பட்ட மனிதரிடம் "இடம் மாறுங்க" என்றால், எங்கே போவார்? முகாம் என்று பள்ளியைக் கைகாட்டுவதிலும் கவனம் வேண்டும். சூரல்மலையில் வெள்ளார்மலைப் பள்ளிக்கூடமே சகதியில் சிக்கியது. ஓடையின் பாதையில் இருக்கும் கட்டடம், அரசுக் கட்டடமாகவே இருந்தாலும், முகாம் ஆகாது.

இதற்கு வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "நாலு தடவை கிளப்பி விட்டு ஒண்ணும் நடக்கலைன்னா, அஞ்சாவது தடவை யார் கிளம்புவா?" நியாயமான கேள்விதான். மழைக்கணக்கு தவறும். எண்ணைத் தாண்டியும் மலை நிற்கலாம், எண்ணைத் தொடும் முன்பே சரியவும் செய்யலாம். ஆனால் கிளம்பத் தயங்குபவர்களின் நிஜக் கவலை பெரும்பாலும் அறிவியல் பற்றியது அல்ல. நாள் கூலி போகும், மாடு தனியாக நிற்கும், பூட்டிய வீட்டில் திருட்டு நடக்கும். வெளியேறும் நாளுக்குக் கூலி, மாட்டுக்கு ஒரு கொட்டகை, ராத்திரி ரோந்துக்கு இரண்டு போலீஸ் என்று உறுதி கொடுத்தால் ஐந்தாவது தடவையும் கிளம்புவார்கள். ஒரு வீணான எச்சரிக்கைக்கு ஆகும் செலவு ஓர் இரவு. 2020-ல் முண்டக்கை மக்கள் கொடுத்தது அந்த விலையைத்தான்.

காட்டைத் திரும்பக் கொண்டுவருவதும், சரிவில் கட்டுமானத்தை நிறுத்துவதும் கட்டாயம் வேண்டும். மாதவ் காட்கில் குழு 2011-லேயே வைத்திரி தாலுகாவை அதிகபட்சப் பாதுகாப்பு தேவைப்படும் மண்டலமாகப் பரிந்துரைத்தது. ஆனால் இன்று நடும் கன்று பாறையைப் பிடிக்கும் வேராக மாறப் பல வருடங்கள் ஆகும். அதுவரை ஒவ்வொரு பருவமழையும் வரும். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிவில் வீட்டுக்குள்ளேயே ஏழு பேர் புதைந்தபோது, இது தேயிலை மலைகளின் பிரச்னை மட்டுமல்ல என்பதும் தெரிந்துவிட்டது.

மலைப்பகுதியில் உங்கள் குடும்பம் இருந்தால், அடுத்த முறை போனில் "அங்கே மழையா?" என்று கேட்காதீர்கள். "நேத்து எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் தெரியாது என்றால், அந்த ஊரில் ஒரு மழைமானி இல்லை என்று அர்த்தம். பஞ்சாயத்தில் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை அதுதான்.